உறையை ஒட்டும் முன் வாசித்துக் காட்டுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் பல வருடங்களாகக் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். மனநல வைத்தியரிடம் ஒருவரை அனுப்பும்போது நாங்கள் கொடுத்துவிடும் கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். "நித்திரை இல்லை டொக்டர், ஒரு குளிசை தாங்கோ" என்றார். விசாரித்தால், படுத்ததும் நித்திரை வந்துவிடுகிறது. ஆனால் 3 மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு கண் மூடுவதில்லை. விடியும்போது நெஞ்சுப் பாரம் கூடி, பின்னேரத்தில் கொஞ்சம் குறைகிறது. 6 கிழமையாகத் தோட்டப் பக்கம் போகவில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. இது மனச்சோர்வு, நித்திரைக் குளிசையோடு முடிகிற விஷயம் இல்லை.

செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அது தவறு. தோன்றுவதுண்டு, ஆனால் எதுவும் செய்ய நினைக்கவில்லை என்றார். வீட்டில் இருந்த பூச்சிமருந்தை அன்றே சகோதரர் வீட்டுக்கு மாற்றச் சொன்னேன். தைரொயிட், இரத்தச்சோகைப் பரிசோதனை முடிவுகளோடு இவை எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதினேன்.

எங்கள் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நோயாளி அதைக் கொண்டுபோகிறார். அன்று தமிழில் சொல்லி வாசித்துக் காட்டினேன். 'முன்பு மனநோய் எதுவும் இல்லை' என்ற வரி வந்ததும் மனைவி மறித்தார்.

"இல்லை டொக்டர், ஏழெட்டு வருசத்துக்கு முதல் ஒரு மாசம் இவர் நித்திரையே கொள்ளேல்லை. ஆனா களைப்பும் இல்லை. விடிய விடியக் கதை. கடன்பட்டு ரெண்டு மோட்டார் சைக்கிள் வாங்கினவர்."

நித்திரை இல்லாமலே உற்சாகம் பொங்கிய அந்த மாதம், மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை நோயின் மறுமுனையாக இருக்கலாம். அப்படியானவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மறுபடி அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடும். நான் அன்றே அதைத் தொடங்க இருந்தேன். முந்திய நோய் பற்றி அவரிடம் மட்டும் கேட்டது என் பிழை. அந்தக் காலத்தை அவர் வருத்தமாக நினைத்ததே இல்லை, அப்புறம் எப்படிச் சொல்வார்?

வரியை வெட்டி, மனைவி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, மனநல வைத்தியருக்குத் தொலைபேசியிலும் சொன்னேன். அவர் மனநிலையைச் சீராக வைக்கும் மருந்தில் தொடங்கினார்.

சக வைத்தியர்களே, 'நித்திரை குறைந்தும் களைப்பில்லாமல் இருந்த காலம் உண்டா' என்பதை வீட்டாரிடமும் கேட்டு எழுதுங்கள். கடிதம் வாங்குபவர்களே, உறையை ஒட்டும் முன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட இருந்து பார்த்த ஒருவரையும் அழைத்து வாருங்கள்.

குடும்ப வைத்தியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.