கயலுக்கு, உன் ஐந்து நிமிடம் பற்றி

திருநெல்வேலி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

விவாதப் போட்டிக்கு நீ எழுதி, வார்டன் அக்கா போனில் படம் பிடித்து அனுப்பிய நான்கு பக்கங்களும் வந்தன. சாப்பிட்டு முடித்ததும் நான் சத்தமாகப் படித்தேன், அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரை நிமிடம் ஆனது. உனக்குக் கிடைப்பது ஐந்து, அதிலும் நாலாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி அடிப்பார்கள். நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்துக்கொள். அதற்கு மேல் போனால் உன் வேகத்தில் கடைசி வரிசைக்குப் பாதிதான் கேட்கும்.

ஆனால் எனக்கு நீளம் பெரிய கவலையாக இல்லை. ‘வாக்களிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்’ என்ற தலைப்பை ஒட்டிப் பேசும் முதல் ஆள் நீ. உன் அணியில் பின்னால் பேசும் இரண்டு பேரும் நீ போட்ட அடித்தளத்தில்தான் நிற்க வேண்டும். நீயோ ஆறு வாதங்களை அடுக்கியிருக்கிறாய். கடமை, பணப்பட்டுவாடா, இளைஞர்கள், ஆஸ்திரேலியா, தியாகிகள், அப்புறம் மீண்டும் கடமை. இதில் வெட்டிப் பேசுகிறவர்கள் எது மெலிந்ததோ அதைப் பிடித்து உடைத்துவிட்டு, மொத்தமும் உடைந்தது என்று சொல்லிவிடுவார்கள். இரண்டை வைத்துக்கொள். தியாகிகளைத் தயங்காமல் விட்டுவிடு. அவர்கள் இரண்டு அணிக்கும் பொதுவானவர்கள்.

இப்போது உன் சான்றுக்கு வருகிறேன். ஆஸ்திரேலியா நல்ல தேர்வு. 1922 தேர்தலில் வாக்களித்தவர்கள் 60 சதவீதத்துக்கும் கீழே, 1924இல் சட்டம் வந்தது, 1925இல் 91 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. எண்கள் சரி. ஆனால் அதற்கு மேலே நீ எழுதியிருக்கும் வாதம் என்ன? ‘கட்டாய வாக்களிப்பு ஏழைகளுக்கு நல்லாட்சி தரும்.’ நீ காட்டிய எண் கூட்டம் வந்தது என்பதை நிரூபிக்கிறது. நல்லாட்சி வந்ததா என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. எதிரணியில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுந்து, “வந்தார்கள், சரி, அதனால் என்ன மாறியது?” என்று ஒரே வரியில் கேட்டால் போதும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சான்றை எழுதிய பிறகு ‘ஆகவே’ என்று போட்டு, வாதத்தை அப்படியே மறுபடி எழுதிப் பார். ‘91 சதவீதம் பேர் வந்தார்கள், ஆகவே நல்லாட்சி கிடைத்தது.’ படிக்கும்போதே காலில் தட்டுகிறதா? அங்கே ஒரு படி குறைகிறது.

அந்தப் படிக்கு உதவுகிற ஒரு ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் இந்தச் சட்டத்தை ஒரே ஆண்டில் கொண்டுவரவில்லை. குயின்ஸ்லாந்து 1915இலேயே கொண்டுவந்தது, மற்றவை பின்னால் வந்தன. அந்த இடைவெளியை வைத்து ஆந்தனி ஃபௌலர் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சட்டம் வந்த இடங்களில் தொழிலாளர் கட்சியின் வாக்கு 7 முதல் 10 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது என்கிறார். தேசிய அளவில் கட்டாயமான பிறகு ஓய்வூதியச் செலவு கூடியதையும் காட்டுகிறார். வராமல் இருந்தவர்கள் உழைக்கிற மக்கள், அவர்கள் வந்ததும் அரசின் பணம் அவர்கள் பக்கம் கொஞ்சம் திரும்பியது. உனக்கு வேண்டிய படி இதுதான்.

வாதத்தையும் அதற்கேற்பச் சுருக்கு. ‘நல்லாட்சி’ என்று எழுதாதே, அதை யாரும் நிரூபிக்க முடியாது. ‘வாக்குச்சாவடிக்கு வராதவர்களின் தேவையை அரசு கணக்கில் எடுப்பதில்லை, அவர்கள் வந்தால் எடுக்கும்’ என்று எழுது. இதற்கு உன்னிடம் சான்று இருக்கிறது. ஒரு கட்சிக்குச் சாதகமான சட்டம்தானே என்று எதிரணி இதையே திருப்பக்கூடும். அதற்குப் பதில் உன் இரண்டாம் பேச்சாளரிடம் இருக்கட்டும், நீ தொடாதே.

ஏன் தொடக்கூடாது என்கிறேன் தெரியுமா? ஒரு போட்டியில் நான் நடுவராக இருந்தபோது முதலில் பேசிய பையன், “எதிரணியினர் இப்படிச் சொல்வார்கள், அப்படிச் சொல்வார்கள்” என்று ஏழு மறுப்புகளை அவனே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அரைகுறையாகப் பதில் சொன்னான். அடுத்து வந்த பெண் தன் தாளை மடித்து வைத்துவிட்டு, அவன் சொன்ன ஏழையும் வரிசையாக எடுத்துப் பேசினாள். அவளுடைய தாளில் மூன்றுதான் இருந்ததாம். மதிப்பெண் போடும்போது எனக்கே பாவமாக இருந்தது.

உன் தாளிலும் ஐந்து மறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பார்த்து, இது நிலைத்தால் என் வாதம் விழுமா, இல்லை வெறும் கீறலா என்று கேள். ‘தெரியாமல் ஏதோ ஒன்றை அழுத்துவார்கள்’ என்பது கீறல். ஆஸ்திரேலியாவில் செல்லாத வாக்கு ஐந்து சதவீத அளவில்தான் இருக்கிறது. கேட்டால் சொல்லலாம். ‘வாக்களிக்காமல் இருப்பதும் உரிமை’ என்பது கொஞ்சம் ஆழம். ‘திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற வெளிமாநிலத் தொழிலாளிக்கு அபராதமா?’ என்பதுதான் உன்னை வீழ்த்தக்கூடியது. ஏழைக்காகப் பேசுகிறேன் என்று தொடங்கிவிட்டு ஏழையிடமே அபராதம் வாங்குவாய் என்று ஆகிவிடும்.

இந்த இரண்டுக்கும் மறுப்புரை எழுத வேண்டாம். தலைப்பை விளக்குகிற இடத்திலேயே அடைத்துவிடு. முதல் நிமிடத்தில் இப்படி வரட்டும்:

“நாங்கள் கேட்பது, மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் வாக்குச்சாவடிக்கு வர வேண்டும் என்பதே. யாரையும் பிடிக்கவில்லை என்றால் 2013 முதல் நோட்டா இருக்கிறது, அதை அழுத்தலாம். வராதவர் காரணம் சொன்னால் போதும், சொல்லாதவருக்குச் சிறு அபராதம், சிறை இல்லை. வேறு மாநிலத்தில் வேலை செய்பவருக்கு அங்கிருந்தே வாக்களிக்கும் வசதியை அரசு செய்யும்வரை அபராதமும் இல்லை.”

ஐம்பது சொல்கூட இல்லை. எதிர்ப்பவர் பேரையே எடுக்காமல் இரண்டு கதவு மூடிவிட்டது. தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் இப்படி ஒரு தொலைதூர வாக்கு இயந்திரத்தின் மாதிரியை அறிவித்தது. கடைசி வரி வெறும் கனவு என்று யாராவது கேலி செய்தால் அதைச் சொல்.

ஆனால் விலக்கு கொடுப்பதில் கை நீண்டுவிடக் கூடாது. முதியவர், நோயாளி, மாணவர் என்று நீ சேர்த்துக்கொண்டே போனால், “இப்போது வராதவர்கள் எல்லாருக்கும் விலக்கு கொடுத்துவிட்டீர்கள், பிறகு எதற்குச் சட்டம்?” என்று கேட்பார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 66 சதவீதம். மீதியில் எவ்வளவு பேர் ஊரில் இருந்தும் வராதவர்கள் என்பதுதான் உன் வாதத்தின் உயிர்.

இன்னொன்று. குஜராத் உள்ளாட்சித் தேர்தலுக்கு இதே மாதிரி சட்டம் கொண்டுவந்ததும், 2015இல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் எதிரணிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். நீ எடுக்காதே. உன் மூன்றாம் பேச்சாளர் படித்து வைத்திருக்கட்டும்.

விளக்கத்துக்கு ஒரு நிமிடம், ஃபௌலர் வருகிற முதல் வாதத்துக்கு இரண்டு, பணப்பட்டுவாடாவுக்கு ஒன்றரை, மிச்சம் மூச்சு விட. பணப்பட்டுவாடா வாதத்துக்கு நீ சான்றே தரவில்லை, பார்த்தாயா? எல்லாரும் வந்தால் ஒவ்வொருவருக்கும் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பது காரணம்தான், சான்று ஆகாது. ஒன்று கிடைத்தால் வை, கிடைக்காவிட்டால் காரணமாகவே சொல், எண் எதையும் ஒட்டவைக்காதே.

புதன்கிழமை போன் கொடுப்பார்கள் அல்லவா, அப்போது முதல் மூன்று நிமிடத்தை மட்டும் பேசிக் காட்டு. அப்பா வெட்டிப் பேசப் போகிறாராம். இன்று மாலையே என் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார், கேட்டால் காட்ட மாட்டேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா