தை மாதக் கல்யாணத்துக்கு எட்டு வாரம்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குத் தையில் கல்யாணம் என்று படித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அதற்குள் பிள்ளை அவ்வளவு பெரியவளாகிவிட்டாளா என்று கேட்டார். இங்கே மழை விடுகிற மாதிரி இல்லை, தீபாவளி முறுக்கு டின்னும் இன்னும் காலியாகவில்லை. நாம் வளர்ந்த லயத்தை இடித்துச் செம்பனை போட்டுவிட்டார்கள், பள்ளிக்கூடத் திடல் மட்டும் அப்படியே இருக்கிறது. தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு மிஸி என்ற பேர் போகவில்லை. பசார் மாலாமில்கூட நிறுத்தி மருந்து கேட்கிறார்கள். நீ கேட்பதற்கு என்ன?

எட்டு வாரத்தில் பத்து கிலோ குறைய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அது நடக்காது. நடக்க வைத்தாலும் மணமேடையில் முகம் வற்றி நிற்பாய். வேகமாக எடை இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரலாம், பித்தப்பையில் கல் வரவும் வாய்ப்புண்டு. உன் 72 கிலோவுக்கு வாரம் அரை கிலோ என்பதுதான் நியாயமான கணக்கு. கல்யாணத்தன்று 68 பக்கம் நிற்பாய். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் நாலு கிலோ போனால் இடுப்புச் சுற்றில் மூன்று நாலு சென்டிமீட்டர் குறையும், புடவைக் கொசுவம் சரியாக உட்காரும். முகத்தில்தான் முதலில் தெரியும், போட்டோவிலும் அதைத்தான் பார்ப்பார்கள்.

வாரம் அரை கிலோ குறைய, தினமும் சாப்பிடுவதில் சுமார் 500 கலோரி குறைய வேண்டும். நீ எழுதியதை வைத்தே அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டேன். காலையில் ஒரு தே தாரிக், நாலு மணிக்கு ஒன்று. கெட்டிப்பால் ஊற்றி இழுத்தது, ஒரு கிளாஸுக்கு 150 கலோரி போல வரும். இரண்டையும் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் ஆக்கினால் 300 போயிற்று. முதல் நாலைந்து நாள் வாய் கசக்கும், அப்புறம் பழகிவிடும். மிச்சம் 200 ராத்திரிச் சோற்றில் இருக்கிறது. இரண்டு கப் சோறு சாப்பிடுகிறாய், ஒரு கப்பாக்கு. அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டைத் தொடாதே. அதையும் குறைத்தால் மூன்றாம் வாரமே வெறுத்துப்போய் முறுக்கு டின்னைத் தேடுவாய்.

சோறு குறைகிற இடத்தில் புரதம் வர வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். எடைக்கருவி சந்தோஷமாகக் காட்டும், உடம்போ தொளதொளவென்று ஆகிவிடும். உனக்கு நாளொன்றுக்கு 80, 90 கிராம் புரதம் போதும். பசியாறும்போது இரண்டு முட்டை, மத்தியானம் உள்ளங்கை அளவு கெம்போங் மீன், ராத்திரி அதே அளவு கோழி, இடையில் எண்ணெயில் பொரிக்காமல் வாட்டிய தெம்பே. பருப்பும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும்.

நடை மட்டும் போதுமா என்று கேட்டாய். நடப்பது நல்லதுதான். ஆனால் தசையைக் காப்பாற்ற அது போதாது. வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம் இதைச் செய். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழு, பத்துப் பத்தாக மூன்று தடவை. சுவரில் கை வைத்துத் தள்ளு, அதே கணக்கு. அப்புறம் ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு கையில் பிடி. மறு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, பையை இடுப்புப் பக்கம் இழு. இந்தக் கடைசியைத்தான் விடாமல் செய்யச் சொல்வேன். முதுகின் மேல்பகுதி பலப்பட்டால் தோள் பின்னுக்குப் போகும், நீ நிமிர்ந்து நிற்பாய். ஒரு கிலோகூடக் குறையாமலே மெலிந்த மாதிரி தெரிய அதுதான் வழி. பத்து தடவை சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டு.

இப்போது எடைக்கருவி விஷயம். பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் ஒன்றரை கிலோகூட இறங்கலாம், அதில் பெரும்பங்கு தண்ணீர். மூன்றாம் வாரம் நகராமல் நிற்கலாம். எங்காவது விருந்துக்குப் போய்க் கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்டு வந்தால் மறுநாள் ஒரு கிலோ ஏறியிருக்கும். அதுவும் உப்பு பிடித்து வைத்த தண்ணீர்தான். ஒரு கிலோ கொழுப்பு சேர 7,700 கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், ஒரு விருந்தில் யாராலும் முடியாது. அதனால் தினமும் காலையில் கழிவறை போய் வந்து, தண்ணீர் குடிக்கும் முன் நிறுத்துப் பார். ஏழு நாளையும் கூட்டி வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடு. ஞாயிற்றுக்கிழமை தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து அள. இரண்டு வாரமாகச் சராசரியும் நாடாவும் அசையாவிட்டால்தான் எதையாவது மாற்ற வேண்டும். மத்தியானச் சோற்றில் கால் பங்கைக் குறை, போதும்.

உன் கொழுந்தியாள் தருவதாகச் சொன்ன மெலியும் காப்பிப் பொட்டலம் வேண்டாம், விஜயா. இந்த மாதிரிச் சரக்குகளில் சிபுட்ராமின் கலந்திருப்பதைப் பல தடவை கண்டுபிடித்திருக்கிறார்கள். பசியை அடக்கும் மருந்து அது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-லேயே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குடித்தால் பசிக்காது, வாய் உலரும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. உனக்கு ரத்த அழுத்தம் வேறு இருக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம், உன் இனிப்பு நீர் மாத்திரை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிதாகப் பயமில்லை. கிளிக்லசைட் சேர்ந்திருந்தாலோ ஊசி போட்டாலோ, சோற்றைக் குறைத்த முதல் வாரத்திலேயே சர்க்கரை கீழே இறங்கலாம். கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டினால் அதுதான் அறிகுறி. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடி. ஆனால் அந்த நிலைமைக்கே போகாமல், தொடங்கும் முன் கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்.

தையல்காரம்மாவிடம் பிளவுஸை இப்போதே தைக்கக் கொடுக்காதே. துணியை மட்டும் கொடுத்துவை. ஆறாம் வாரம் அளவு எடுக்கட்டும், ஏழாம் வாரம் போட்டுப் பார். உள்ளே இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல், பிரிக்கவோ பிடிக்கவோ வசதி. பத்து கிலோ குறைவேன் என்று சின்ன அளவில் தைத்து, கடைசி வாரம் பட்டினி கிடந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டாம் வாரம் புதிதாக ஒன்றும் வேண்டாம். தண்ணீரைக் குறைக்காதே, கருவாட்டை மட்டும் தள்ளிவை, நலங்கு வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடு.

நான் இரண்டு நாள் முன்பே பஸ் ஏறி வந்துவிடுகிறேன். மண்டபம் எது, உன் வீட்டில் தங்க இடம் இருக்கிறதா என்று எழுது. மாத்திரை அட்டையைப் பார்த்து அதில் உள்ள பெயரையும் மில்லிகிராமையும் அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
கமலா