சாப்பிட்டபின் உடம்புக்கு முடியவில்லை என்று நீங்கள் சொன்னால் நாங்கள் என்ன செய்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை நாலரை மணிக்கு ஓர் அம்மா ஃபோன் செய்தார். எங்கள் எலுமிச்சை சாதத்தை ஒரு மணிக்குச் சாப்பிட்ட அவர் மகனுக்கு மூன்றரையிலிருந்து வாந்தி. "வேற யாரும் சொல்லலையே" என்று கடைத் தம்பிக்கு வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டான். முடியாமல் போகிறவர்களில் பல பேர் கடைக்குச் சொல்வதே இல்லை.

எங்கள் சாப்பாட்டால்தான் என்றோ, இருக்காது என்றோ அவன் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் இரண்டுமே தெரியாது. பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டான். ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்றான். மாத்திரைப் பெயர் சொல்லவில்லை, அது மருத்துவர் வேலை.

அப்புறம் நோட்டை எடுத்தான். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எப்போது ஆரம்பித்தது, கூடச் சாப்பிட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள், முந்தின மூன்று நாள் சாப்பாடு என்ன. கடைசிக் கேள்வி பழியைத் தள்ளிவிட அல்ல. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் வேலையைக் காட்ட ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். இங்கே இரண்டரை மணி நேரத்தில் வாந்தி. ஆறவிட்டு வெளியிலேயே கிடந்த சோற்றில் பேசிலஸ் செரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நஞ்சு இப்படிச் சீக்கிரமே வாந்தியைக் கொண்டுவரும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

சரி, சமையலறைக் குறிப்பில் என்ன இருந்தது? சோறு வடித்தது ஏழு மணி, கலந்தது பத்து மணி, அந்தப் பார்சல் கட்டியது பன்னிரண்டரை. அதுவரை சூடாக்கியும் வைக்கவில்லை, குளிரவும் வைக்கவில்லை. தவறு எங்கே நடந்திருக்கலாம் என்று எங்களுக்கே தெரிந்துவிட்டது.

மீதி சாதத்தின் விற்பனையை உடனே நிறுத்தினோம். கொட்டிவிடத்தான் கை போகும். கொட்டவில்லை, டப்பாவில் மூடி, தேதியும் நேரமும் எழுதி ஃபிரிட்ஜில் தனியாக வைத்தோம். அன்று அதே பார்சல் வாங்கிய ஆறு வீட்டுக்கும் பேசினோம். இன்னொரு வீட்டிலும் வாந்தி. உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி, நோட்டைக் காட்டினோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. மறுநாள் பேசியபோது பையன் இட்லி சாப்பிட்டிருந்தான்.

இப்போது கலவை சாதத்தைச் சின்னச் சின்ன ஈடாக வடித்து, கலந்து, இரண்டு மணி நேரத்துக்குள் விற்றுவிடுகிறோம். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு டப்பா எடுத்து மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைக்கிறோம். நோட்டில் நீங்கள் சொன்ன வார்த்தையே இருக்கும். தப்பாக எழுதினால் ஒரு கோடு மட்டும் அடிப்போம், வெள்ளை மை பூசுவதில்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் பார்சலில் மிச்சம் இருப்பதை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பில்லில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இரவு பத்து வரை ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
கடைக்காரர்