செயலாளரின் ஆண்டறிக்கை: மழைப்பதிவு அட்டவணைகளைக் கணினியில் ஏற்றும் பணி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான கூட்டங்கள் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நிர்வாகக் குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்விதான். நம்மிடம் உள்ள 6,000 பக்க மழை அட்டவணைகளைக் கையால் தட்டச்சு செய்வதா, எழுத்துணரி மென்பொருளிடம் விடுவதா?

முதலில் தட்டச்சு. ஒரு பக்கத்தில் 30 நிலையங்கள், 12 மாதங்கள், அதாவது 360 கட்டங்கள். கட்டத்துக்கு மூன்று இலக்கம், அடுத்த கட்டத்துக்கு நகர ஒரு விசை என்று வைத்தால் 1,440 தட்டல்கள். பயிற்சி பெற்ற, ஆனால் தொழில்முறை அல்லாத ஒருவர் மணிக்கு 4,500 தட்டலைத் தொடுவார் என்று கொண்டால் 19 நிமிடம். தலைப்பை நிரப்புவது, வரிசை தவறித் தேடுவது எல்லாம் சேர்த்து 25 நிமிடம். ஒருவர் மட்டும் அடித்ததை நம்ப முடியாது என்பதால், முதலாமவர் அடித்ததைப் பார்க்காமல் இன்னொருவரும் அடிக்க வேண்டும். இரண்டும் முரண்படும் கட்டங்களை மட்டும் மூன்றாமவர் மூலத்தோடு ஒப்பிடுவார்; அதற்குப் பத்து நிமிடம். ஆக, பக்கத்துக்கு ஒரு மணி நேரம்.

எழுத்துணரி ஒரு பக்கத்தைச் சில நொடிகளில் படித்துவிடும். அதை மட்டும் பார்த்துத்தான் உறுப்பினர் பலர் "இதற்கு ஏன் ஆட்கள்?" என்று கேட்டார்கள். நூறு இலக்கத்தில் ஒன்றே ஒன்று பிழை என்றாலும், மூன்று இலக்கக் கட்டத்தில் பிழை வாய்ப்பு ஏறக்குறைய மூன்று விழுக்காடு. பக்கத்துக்குப் பத்துப் பதினோரு கட்டங்கள் தவறு. திருத்துவது எளிது, எந்தக் கட்டம் என்று கண்டுபிடிப்பதுதான் செலவு. 360 கட்டங்களையும் கண்ணால் சரிபார்ப்பதானால், தட்டச்சு செய்வதற்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போய்விடும்.

நம்மைக் காப்பாற்றுவது ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் அச்சாகியிருக்கும் ஆண்டுக் கூட்டுத்தொகை. விரிதாளில் கூட்டிப் பார்த்து, ஒத்துப்போகாத வரிசைகளை மட்டும் திறந்தால் போதும். வேறுபாடே துப்பும் தரும்: 50 வந்தால் பத்தின் இடத்தில் 3, 8 மாறியிருக்கலாம், 6 வந்தால் ஒன்றின் இடத்தில் 1, 7. ஆனால் ஓர் இலக்கப் பிழை இந்தச் சோதனையில் சிக்கும், கட்டங்கள் ஒரு மாதம் தள்ளிப்போனால் சிக்காது. ஒரு மாதம் வெற்றாக இருந்து மென்பொருள் அதைத் தாவிவிட்டால், மார்ச் மழை பிப்ரவரியில் உட்கார்ந்திருக்கும். கூட்டுத்தொகை மட்டும் கச்சிதமாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் 12 கட்டங்கள் உள்ளனவா என்று தனியே எண்ண வேண்டும். சுழியையும் பதிவில்லை என்ற கோட்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அச்சிட்ட கூட்டுத்தொகையே தவறாக இருந்தால் உள்ளதை உள்ளபடி ஏற்றிக் குறியிட வேண்டும். நாமாகத் திருத்தக் கூடாது.

மாதிரிப் பக்கங்களை முதல் தொகுதியிலிருந்தே எடுத்திருந்தால் மதிப்பீடு பாதியாகக் குறைந்து இனித்திருக்கும். எல்லாத் தொகுதிகளிலிருந்தும் குலுக்கலில் எடுத்ததால் மூன்று வகை தெரிந்தன. தெளிவான அச்சு 3,500 பக்கம். பக்கத்துக்கு 15 நிமிடத்தில் திருத்தம் முடிகிறது, 875 மணி. மங்கிய அச்சு 1,500 பக்கம். 40 நிமிட வீதம் 1,000 மணி. கையெழுத்து 1,000 பக்கம். இங்கே எழுத்துணரியின் வெளியீட்டைத் திருத்துவதைவிட இருவர் தட்டச்சே விரைவு, 75 நிமிட வீதம் 1,250 மணி. அச்சமைப்பு மாறும்போதெல்லாம் கோடுகளை மென்பொருளுக்குப் புதிதாகக் காட்ட 160 மணி. எழுத்துணரியும் தட்டச்சும் கலந்த இந்த முறைக்குக் கூட்டினால் சுமார் 3,300 மணி. முழுவதும் தட்டச்சு என்றால் 6,250. ஸ்கேன் செய்யும் 120 மணி இரண்டுக்கும் பொது.

ஆள் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. எட்டு மணி நேர வேலைநாளில் கவனம் சிதறாமல் எண்களோடு உட்காரக்கூடியது ஐந்து மணிதான். ஆண்டுக்கு 220 நாள் என்றால் ஒருவரிடமிருந்து 1,100 மணி கிடைக்கும். கலப்பு முறைக்கு மூவர் ஓராண்டு. தட்டச்சுக்கு ஏறத்தாழ அறுவர். மேற்பார்வையாளர் இதற்கு வெளியே. தன்னார்வலர்கள் வாரம் நான்கு மணி, ஆண்டில் 40 வாரம் வந்தால் கலப்பு முறைக்கே இருபது பேருக்கு மேல் தேவை.

பிரிட்டனில் 2020இல் சுமார் 16,000 தன்னார்வலர்கள் இணையவழி 65,000 மழைத்தாள்களை 16 நாளில் முடித்ததைச் சிலர் நினைவூட்டினார்கள். அது பொதுமுடக்கக் காலம். அத்தனை பேர் நமக்கு வருவார்கள் என்று வைத்துத் திட்டம் போட நான் தயாரில்லை.

சம்பளத்துக்கு மூவரை ஓராண்டு அமர்த்தி, தன்னார்வலர்களைக் கையெழுத்துப் பக்கங்களின் இரண்டாம் தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது குழுவின் பரிந்துரை. மதிப்பீட்டின் மேல் கால்பங்கு கூடுதல் நேரமும் கேட்கிறோம். மங்கிய தொகுதிகளில் சிலவற்றை இன்னும் பிரித்தே பார்க்கவில்லை. முதல் 300 பக்கம் முடிந்ததும் உண்மையான நிமிடங்களை வைத்து இந்தக் கணக்கைத் திருத்திப் பொதுக்குழுவில் மீண்டும் வைப்போம். தீர்மானத்தை உறுப்பினர்களின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்