நாடாளுமன்றத்தை இடம் மாற்றும் முன்: மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்களவை உறுப்பினர்களுக்கு,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியன் ஒருவனின் வணக்கம்.

நாடாளுமன்றத்தையும் அமைச்சுகள் போன புத்ராஜெயாவுக்கே கொண்டுபோய்விடலாம் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பி, தானாக அடங்கிவிடுகிறது. அடுத்த முறை கிளம்பினால் அது உங்கள் மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். நாடாளுமன்றம் வேறு முடிவு எடுக்கும்வரை கோலாலம்பூரே கூட்டரசின் தலைநகரம் என்கிறது அரசியலமைப்பின் 154ஆவது பிரிவு. பிரதமர் அலுவலகம் 1999இல் போய்விட்டது, புத்ராஜெயா 2001இல் கூட்டரசுப் பிரதேசமும் ஆகிவிட்டது. ஆனால் தலைநகரம் என்ற பட்டம் இன்னும் நம் ஊரிடம்தான் இருக்கிறது. நீங்களும் இங்கேதான் கூடுகிறீர்கள். மாமன்னரின் புதிய அரண்மனை 2011இல் இங்கேதான் திறக்கப்பட்டது. தற்காப்பு அமைச்சும் பொதுப்பணி அமைச்சும் பேங்க் நெகாராவும் இடம் பெயரவில்லை. தூதரகங்களுக்கென்று அங்கே நிலம் ஒதுக்கியும் பெரும்பாலானவை அம்பாங் சாலைப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

வீடு மாறியவன் அடுப்பைப் பழைய வீட்டிலேயே விட்டுவந்தால் எப்படி இருக்கும்? அந்த அனுபவத்தை நான் கோப்பு சுமந்தே பார்த்தவன்.

எங்கள் அமைச்சு புத்ராஜெயாவுக்குப் போனபின், கூட்டத்தொடர் நாட்களில் எங்களுக்கு இரண்டு பயணங்கள். விடிவதற்குள் அங்கே போய், அமைச்சரின் பதில்கள் கொண்ட கோப்புக் கட்டுகளை எடுத்துக்கொண்டு, காலை நெரிசலோடு நெரிசலாகத் திரும்பவும் கோலாலம்பூருக்கு வரவேண்டும். வேனின் பின் இருக்கையில் என் மடிமீது ஒரு கட்டு, காலடியில் இரண்டு கட்டுகள், அவற்றின்மேல் ஒரு நாசி லெமாக் பொட்டலம். கேள்வி நேரம் பத்து மணிக்குத் தொடங்கும். எழுதிக் கொடுத்த கேள்விக்கு ஒரு தாள் போதும், அதற்கு ஓர் ஆளை அனுப்பினால் முடிந்தது. நீங்கள் எழுந்து கேட்கும் துணைக் கேள்வி எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாதே! ஆகவே துறைக்கு ஒருவர் வீதம் எல்லோரும் வந்து காத்திருப்போம். நேரம் முடிந்து எங்கள் கேள்வி எட்டப்படாமல் போனால் பதில் எழுத்து மூலம் போய்விடும். நாங்கள் அதே கட்டுகளோடு திரும்பிப் போவோம். இந்தச் செலவு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் தனி வரியாக இருந்ததில்லை.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியென்றால் நாடாளுமன்றத்தையும் மாற்றிவிடுவதுதானே முறை' என்று கேட்பீர்கள். நியாயம்தான். சபா, சரவாக் உறுப்பினர்களுக்கு அதில் கூடுதல் லாபம்கூட உண்டு, கோலாலம்பூரைவிடப் புத்ராஜெயா விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. என் தயக்கம் வேறு. முதல் மாற்றத்தின் கணக்கை யாரும் கூட்டிப் பார்க்காமலே இரண்டாவதற்குப் போகப் பார்க்கிறோம்.

மாற்றத்துக்குச் சொன்ன முதல் காரணம் நெரிசல். தேர்ந்தெடுத்த இடமோ கோலாலம்பூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். இந்தத் தூரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்தோனேசியா, தன் புதிய தலைநகராகக் கட்டும் நுசந்தாராவைக் கடல் தாண்டிக் கிழக்குக் கலிமந்தானில் வைத்திருக்கிறது. தீவுக்கூட்டத்தின் நடுப்பகுதி என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. ஜகார்த்தா ஊழியர் எவரும் அங்கே தினமும் போய்வர முடியாது, போனால் குடியேற வேண்டும், அதற்கு வீடும் பள்ளியும் மருத்துவமனையும் முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். அதனால்தான் அதன் மதிப்பீடு 466 டிரில்லியன் ரூப்பியாவாக நிற்கிறது. 25 கிலோமீட்டர் என்றால் யாரும் குடிபெயர வேண்டியதில்லை. மனைவிக்கு இங்கே வேலை, பிள்ளைக்கு இங்கே பள்ளி, கணவனுக்கு மட்டும் கார். அலுவலகம் நகர்ந்தது, குடும்பம் நகரவில்லை, பயணம்தான் நீண்டது. மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்வார்கள் என்று திட்டமிட்ட நகரில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் ஏறத்தாழ 1,09,000 பேர்.

ரயில் இருக்கிறதே என்பீர்கள். 2002இலேயே வந்தது, உண்மை. கேஎல் சென்ட்ரலில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். ஆனால் நிலையம் நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, அமைச்சுகளோ ஏரியைத் தாண்டி. மிச்சத் தூரத்தை மோனோரயில் பார்த்துக்கொள்ளும் என்று திட்டமிட்டிருந்தார்கள். அந்த வேலை 2004இல் நின்றுபோனது. அதற்காகக் கட்டத் தொடங்கிய தொங்கு பாலம் இன்றும் ஏரியின்மேல் ரயிலுக்காகக் காத்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள், நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். 2023இல் முழுமையாகத் திறந்த எம்ஆர்டி தடமும் அதே ஓர நிலையத்தில்தான் முடிகிறது. கடைசி மூன்று நான்கு கிலோமீட்டரை விட்டுவிட்டால் மற்ற எல்லாக் கிலோமீட்டருக்கும் மக்கள் காரையே எடுப்பார்கள். இது எனக்கு எந்த ஆய்வும் சொல்லித் தந்ததல்ல, எங்கள் அலுவலக வாகன நிறுத்துமிடம் சொன்னது.

பணத்துக்கு வருகிறேன். அங்குள்ள அரசுக் கட்டடங்கள் பலவற்றை அரசு ஒரே தடவையில் காசு கொடுத்துக் கட்டவில்லை. புத்ராஜெயா ஹோல்டிங்ஸ் நிறுவனம் கடன் திரட்டிக் கட்டும், அரசு நீண்ட காலத்துக்கு வாடகை செலுத்தும். கட்டும் ஆண்டில் கணக்கு இலேசாகத் தெரிய, பாரம் பின்னால் வரும் ஆண்டுகளின் நிர்வாகச் செலவில் ஏறும். முறை தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் 'புதிய நாடாளுமன்றத்துக்கு இத்தனை கோடி' என்று ஒற்றை எண்ணை உங்கள்முன் வைத்தால், அது கட்டுமானச் செலவா அல்லது கடைசித் தவணை வரையிலான மொத்தமா என்று கேளுங்கள். 1963இல் திறந்த இப்போதைய கட்டடத்தை என்ன செய்வது, அதைப் பராமரிக்க ஆண்டுக்கு என்ன ஆகும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

அந்தத் தாளில் இடம்பெறாமலே போன ஒரு செலவு உண்டு. புத்ராஜெயா இருக்குமிடம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் படையினர் தொடங்கியதால் 'பெரும்போர்' என்றே பெயர். ரப்பர் சீவியவர்களில் நம் மக்கள் ஏராளம். நிலத்துக்கு விலை பேசியபோது லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த விலையில் பங்கில்லை. டிங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள், சுவர்கள் விரிசல் விட்டன. தரை வீடு கேட்டுக் கேட்டே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன, அண்மையில்தான் அதற்கு வழி பிறந்தது. புதுத் தலைநகரின் திட்டச் செலவில் இந்தக் குடும்பங்களின் வீடுகள் முதல் வரியாக இருந்திருந்தால், நகரம் எழும்பும்போதே அவையும் எழும்பியிருக்கும்.

ஆகவே மாற்றும் தீர்மானம் வந்தால் உடனே கை தூக்கிவிடாதீர்கள். நிலையத்திலிருந்து புதிய மண்டபத்தின் வாசல்வரை என்ன ஓடும், அது எந்த ஆண்டு ஓடத் தொடங்கும் என்று அமைச்சரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடித்ததும், பின்வரிசையில் கோப்புக் கட்டோடு உட்கார்ந்திருக்கும் அதிகாரி அன்று காலை எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்பதையும் ஒரு துணைக் கேள்வியாகக் கேட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பிரிக்பீல்ட்ஸ்வாசி ஒருவன்