சிறுநீரில் சர்க்கரை, இரத்தத்தில் இல்லை: கேட்க வேண்டிய அடுத்த கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு தாய் கேட்டிருந்தார்: இருபது மாதக் குழந்தை, சிறுநீரில் சர்க்கரை மூன்று பிளஸ், இரத்தச் சர்க்கரை 88. "நீரிழிவு இல்லை, சிலருக்குப் பிறவியிலேயே சிறுநீரில் சர்க்கரை கசியும், பயப்பட வேண்டாம்" என்று பதில் வந்திருந்தது. அப்படி ஒரு நிலை இருப்பது உண்மை. அதில் சர்க்கரை மட்டுமே வெளியேறும், குழந்தை நன்றாக வளரும். ஆனால் அதே கடிதத்தில் குழந்தையின் கால்கள் வளைந்திருப்பதாகவும், வைட்டமின் டி சாஷே இருமுறை கொடுத்தும் பலனில்லை என்றும், இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் கேட்பதாகவும் எழுதியிருந்தார். இவை சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஃபான்கோனி சிண்ட்ரோம். (இரத்தசோகையோடு வரும் ஃபான்கோனி அனீமியா வேறு நோய். இரண்டுக்கும் பொதுவானது சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனியின் பெயர் மட்டுமே.)

பெரியவர் ஒருவரின் சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதோடு ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸும், கூடவே பாஸ்பேட், அமினோ அமிலங்கள், பைகார்பனேட், பொட்டாசியம் எல்லாமும் இறங்கிவிடும். வடிகட்டிக்கு அடுத்துள்ள முதல் நுண்குழாய்தான் இவற்றில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல் உண்டு என்றாலும், வாசல்களை இயக்கும் ஆற்றல் அந்தச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தே வருகிறது. ஒரே ஒரு வாசல் பழுதானால் ஒரு பொருள் மட்டும் கசியும். செல்லே நலிந்தால் எல்லாம் சேர்ந்து கசியும், அதுதான் ஃபான்கோனி. சர்க்கரை போவதால் உடலுக்குப் பெரிய கேடில்லை, அது நமக்குக் கிடைக்கும் தடயம். எலும்பை வளைப்பது பாஸ்பேட் இழப்பு. வளர்ச்சியைத் தடுப்பது பைகார்பனேட் போவதால் வரும் அமிலத்தன்மை.

இந்த நோயைப் பெரும்பாலும் தவறவிட வைப்பது ஆய்வக அறிக்கையின் வலப்பக்கப் பத்திதான். அந்தக் குழந்தைக்குப் பாஸ்பேட் 2.6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். "இயல்பு 2.5 முதல் 4.5" என்று அச்சாகியிருக்கும், எனவே யாரும் வட்டமிட மாட்டார்கள். அது பெரியவர்களுக்கான அளவு. இந்த வயதில் பாஸ்பேட் நான்குக்கு மேல் இருக்க வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் 0.5 என்பதும் அப்படித்தான்: பெரியவருக்கு அருமையான எண், இரண்டு வயது நிறையாத குழந்தைக்குச் சற்று அதிகம்.

அடுத்து ஒரு கணக்கு. இரத்தம் எடுக்கும் அதே வேளையில் கொஞ்சம் சிறுநீரும் பிடித்து, இரண்டிலும் பாஸ்பேட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும், அலகு எல்லாம் மி.கி./டெ.லி. சிறுநீரில் பாஸ்பேட் 39, கிரியாட்டினின் 15 என்று வந்தால், சிறுநீர்ப் பாஸ்பேட்டை இரத்தக் கிரியாட்டினினால் பெருக்குங்கள்: 39 × 0.5 = 19.5. இரத்தப் பாஸ்பேட்டைச் சிறுநீர்க் கிரியாட்டினினால் பெருக்குங்கள்: 2.6 × 15 = 39. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.5. அதாவது வடிகட்டப்பட்ட பாஸ்பேட்டில் பாதி சிறுநீரில் போய்விடுகிறது. இயல்பில் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்திருக்கும்போது நல்ல சிறுநீரகம் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

ஒரு நியாயமான ஐயம் எழலாம். வைட்டமின் டி குறைபாட்டால் எலும்பு வளையும் சாதாரண ரிக்கெட்ஸிலும் பாராதைராய்டு சுரப்பு கூடி, சிறுநீரில் பாஸ்பேட்டும் ஓரளவு அமினோ அமிலங்களும் போகும். உண்மைதான். அதனால்தான் சர்க்கரை என்னும் தடயத்துக்கு இவ்வளவு மதிப்பு. சிறுநீரில் சர்க்கரை, இரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, பைகார்பனேட் குறைவு ஆகியவை சேர்ந்திருந்தால் மூன்றாவது சாஷேயைக் கொடுத்துக் காத்திருப்பதில் பொருளில்லை.

குழந்தைகளில் காரணத்தைத் தேட வயது வழிகாட்டும். பால் குடிக்கும் பச்சிளம் சிசுவுக்கு மஞ்சள் காமாலையும் வாந்தியும் இருந்தால், பாலிலுள்ள காலக்டோஸ் என்னும் சர்க்கரையை உடல் பயன்படுத்த முடியாத காலக்டோசீமியா. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டை சர்க்கரைகளில் குளுக்கோஸை மட்டுமே காட்டும், காலக்டோஸைக் காட்டாது. பழைய பெனடிக்ட் சோதனை அதைப் பிடிக்கும். பழச்சாறும் சர்க்கரையும் ஊட்டத் தொடங்கியபின் வாந்தி வந்தால் ஃப்ரக்டோஸ் ஒவ்வாமை என்னும் பிறவிக் குறைபாடு. பள்ளி வயதுக் குழந்தைக்குக் கல்லீரலும் கெட்டிருந்தால், உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய். கேள்வி கேட்ட தாயின் குழந்தை வயதில், பரம்பரைக் காரணங்களில் முதலிடம் சிஸ்டினோசிஸுக்கு. சிஸ்டின் என்னும் அமினோ அமிலம் செல்லுக்குள் லைசோசோம் என்னும் நுண்பையிலிருந்து வெளியேற முடியாமல் படிகமாகத் தேங்கும் நோய் அது. சிறுநீரில் சிஸ்டின் கூடியிருப்பதை வைத்து இதை உறுதிசெய்ய முடியாது, ஏனெனில் ஃபான்கோனியில் எல்லா அமினோ அமிலங்களும்தான் போகும். இரத்த வெள்ளையணுக்களுக்குள் சிஸ்டின் அளவைப் பார்க்க வேண்டும். கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் வழியே கருவிழியில் படிகங்களைக் காணலாம். ஆனால் ஒரு வயதுக்குள் அவை தெரியாமலும் இருக்கலாம்.

சிஸ்டினோசிஸுக்கான சிஸ்டியமின் மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் சிறுநீரகம் செயலிழப்பதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். தொடங்காவிட்டால் பத்து வயதையொட்டியே அந்த நிலை வந்துவிடும். சாதாரண வகை மருந்தை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். வாடை கடுமையாக இருக்கும், பெற்றோர் தளர்வது இங்கேதான். வாய்வழி மருந்து கருவிழிக்குப் போய்ச் சேராது, அதற்குத் தனிச் சொட்டு மருந்து உண்டு.

காரணம் எதுவானாலும் இழப்பை ஈடுகட்ட வேண்டும். நம் ஊரில் பாஸ்பேட்டுக்கு ஜூலி கரைசல் எழுதுவார்கள். ஒரு மில்லியில் சுமார் 30 மி.கி. பாஸ்பரஸ் இருக்கும். மொத்த அளவை ஒரே வேளையில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், அதற்குள் சிறுநீரிலும் போய்விடும். நான்கைந்து வேளையாகப் பிரிக்க வேண்டும், கால்சியம் மருந்தோடு சேர்க்காமல். பொட்டாசியத்தைக் கவனிக்காமல் பைகார்பனேட்டை மட்டும் ஏற்றினால் பொட்டாசியம் மேலும் இறங்கி, குழந்தை கழுத்தைத் தூக்க முடியாமல் துவண்டுபோகும். தண்ணீர் கேட்டால் மறுக்கவே கூடாது.

பெரியவர்களில் காரணங்களின் வரிசை அடியோடு மாறிவிடும். முதலில் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதற்காகவே தரப்படுபவை, அதைக் கண்டு ஃபான்கோனி என்று கலங்க வேண்டாம். அவை இல்லையென்றால் வைரஸ் எதிர்ப்பு மருந்தான டெனோஃபோவிர், சில புற்றுநோய் மருந்துகள், அதிலும் குறிப்பாக இஃபோஸ்ஃபமைடு. ஐம்பதைத் தாண்டியவருக்கு எலும்பு வலியும் இரத்தசோகையும் சேர்ந்திருந்தால் மயலோமா புற்றுநோயைத் தேட வேண்டும். அதில் வெளியேறும் லைட் செயின் புரதத்தை டிப்ஸ்டிக் காட்டாது, அது அல்புமினைத்தான் பிடிக்கும். பட்டையில் புரதம் "டிரேஸ்", ஆனால் புரத-கிரியாட்டினின் விகிதம் மிக அதிகம் என்ற முரண்பாடே அங்கு துப்பு.

எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் 300 மி.கி. எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. வந்தால் இடுப்பு, தொடை, பாத எலும்புகளில் வலியும் தளர்ச்சியுமாகத் தொடங்கும், "வாயு" என்று தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடிவிடும். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ நுண்குழாய் தேறும், சிலருக்கு முழுமையாகத் தேறாது. ஆனால் இதைப் படித்துவிட்டு ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மீண்டும் சீறி, கல்லீரல் செயலிழப்புவரை போகலாம். மாற்று மருந்து கைக்கு வந்த பிறகே பழையதை விட வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் ஒருவர்,
மதுரை