சதுர அடிக்கு என்ன விலை சொன்னாய், மகன்?

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு அப்படியேதான் இருக்கிறது. நீ போன் எடுக்காததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. தங்கச்சி ஏதோ சொல்ல வந்து பாதியில் வாயை மூடிக்கொண்டாள், அதையும் கேட்கவில்லை. மன்னாரில் ஒரு வீட்டை நீயே கொந்தராத்து எடுத்துச் செய்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனைச் சந்தியில் எல்லாருக்கும் சொல்லித் திரிகிறேன். விலை சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, அது போகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே என்னோடு வேலை பழகும் ரவியின் கதையைச் சொல்கிறேன். ஹட்டன் பக்கத்துப் பொடியன். கெட்டிக்காரன், கணக்கிலும் கெட்டிக்காரன். அதுதான் பிரச்சினை.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் சுவர் பூச்சு வேலை வந்தது. சாமான் எல்லாம் வீட்டுக்காரர் தருவார், கூலி மட்டும் நமக்கு. 600 சதுர அடி. நான் அடிக்கு 120 ரூபாய் போட்டு 72,000 என்றேன். ரவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வரும் வழியில் பஸ்ஸில் ஒரே மௌனம். இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தான். "பாஸ், மேசனும் உதவியாளும் சேர்ந்து ஒரு நாளைக்கு 100 அடி பூசலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? 600 அடிக்கு 6 நாள். உங்களுக்கு 4,500, எனக்கு 3,000. மொத்தம் 45,000தானே வருகிறது? அடிக்கு 75 ரூபாய். மிச்சம் 27,000 எங்கே போகிறது?"

எனக்குக் கோபம் வரவில்லை. கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டு வேறு ஆளிடம் போகிறவனைவிடக் கேட்கிறவன் நல்லவன். (நீயும் கேட்கிற ஆளாகத்தான் இருந்தாய்.) ஒரு கொப்பியைக் கொடுத்து, "வேலை முடியும்வரை நீயே எல்லாவற்றையும் எழுது" என்றேன்.

முதல் நாளே எழுத வேண்டி வந்தது. லேனுக்குள் மணல் லொறி வராது. ரோட்டில் கொட்டிய மணலை மாடிக்கு ஏற்ற இன்னொரு ஆள் பிடித்தேன், 3,000. சாரத்துக்குப் பலகையும் கம்பியும் வாடகைக்கு எடுத்தது 4,000. அதற்கும் ஆயுதங்களுக்கும் போக வர ஆட்டோ 3,000.

அப்புறம் பின்னறைச் சுவர். விலை சொல்லப்போன அன்று நான் மேலேயிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததை ரவி கண்டான், ஏன் என்று கேட்கவில்லை. கல் கட்டிய மேசன் சுவரைச் சரித்துக் கட்டியிருந்தான். மேலே அரை அங்குலப் பூச்சு போதும், கீழே ஒன்றேகால் அங்குலம் வேண்டும். அவ்வளவு கனத்தை ஒரே தரத்தில் அப்பினால் சாந்து தன் பாரத்தில் இறங்கும், இல்லாவிட்டால் காய்ந்த பிறகு வெடிக்கும். அதனால் முதல் நாள் கீழ்ப்பக்கத்தை மட்டும் நிரப்பி, கரண்டி முனையால் கீறிவிட்டு, இறுக விட்டோம். மற்ற நாள்தான் மேல் பூச்சு. ஜன்னல் ஓரங்களும் அப்படித்தான். அளந்தால் நாலு விரல் அகலம், கணக்கில் சில அடிகூட வராது. ஆனால் மூலை மட்டம் பிடித்து எடுக்க, நீட்டுச் சுவர் பூசும் நேரம் போய்விடும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு நாளைத் தின்றன. 6 நாள் 7 ஆனது.

நடுவில் ஒரு நாள் சீமெந்து வரவில்லை. நாட்சம்பளத்துக்குப் போயிருந்தால் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் காசு தர வேண்டும், ஏனென்றால் நாங்கள் வந்து நின்றோம். இது கொந்தராத்து. அந்த நாளின் நட்டம் என் தலையில். ரவி வந்ததற்கு 3,000 கொடுத்தேன், எனக்கு ஒன்றுமில்லை. அன்று மாலை அந்தப் பொடியன் கொப்பியைப் பார்த்தபடி இருந்த நேரம்தான் அவனுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். நாட்கூலிக்காரன் நேரத்தை விற்கிறான். விலை சொல்லி எடுத்தவன் முடிந்த சுவரை விற்கிறான், வழியில் எது வந்தாலும் அது அவன் பாடு.

கடைசியில் அவனே கூட்டினான். 7 நாள் சம்பளம் 52,500. தேத்தண்ணி, சாப்பாடு 2,500. மேலே சொன்ன செலவுகளையும் சேர்த்தால் 68,000. மிச்சம் 4,000. "27,000 இல்லையா பாஸ்?" என்று சிரித்தான்.

அதுவும் நிற்கவில்லை. சாமான் ஒதுக்கும்போது கரண்டிப் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். கொங்கிரீட் தூண் இருக்கும் இடத்தில் பொள்ளல் சத்தம். கொங்கிரீட் வழுவழுப்பு, அதைக் கொத்தி, தண்ணீர் அடித்து, சீமெந்துப் பால் தெளித்த பிறகுதான் பூச்சு பிடிக்கும். கொத்தும் வேலை ரவியுடையது, மேலோட்டமாகச் செய்திருக்கிறான். உடைத்து மறுபடி பூச அரை நாள், இரண்டு பேருக்கும் 3,750. கொப்பியில் எழுதும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அளக்கப் போன நாளையும், முடிந்த பிறகு ஒரு கிழமை போய் சுவருக்குத் தண்ணீர் அடித்ததையும் எழுத வேண்டாம் என்றேன், பாவம்.

இனி உன் விஷயம். நீ அடிக்கு என்ன சொன்னாய்? 6 நாள் கணக்கில் 75 மாதிரிச் சொல்லியிருந்தால் எனக்குச் சொல்லு, வெட்கப்பட ஒன்றுமில்லை. சாமானோடு எடுத்தாயா, கூலிக்கு மட்டுமா? சாமானோடு என்றால் இன்னும் கவனம். 2022இல் சீமெந்து மூட்டை விலை ஏற ஏற, பழைய விலைக்கு ஒத்துக்கொண்ட எத்தனை மேசன்மார் அகப்பட்டார்கள் என்று உனக்குத் தெரியும், சித்தப்பாவையும் தெரியும். வயர்க்காரன் பூசின சுவரை மறுபடி வெட்டினால் அடைப்பது யார் என்று பேசினாயா? அதையும் எழுதி வாங்கு. பழைய வீட்டுத் திருத்த வேலை என்றால் விலையே சொல்லாதே, நாட்சம்பளத்துக்குத்தான் செய்வேன் என்று சொல். பழைய பூச்சைத் தட்டி விழுத்தும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நீ வாங்கிப்போன அம்மாவின் சங்கிலி பற்றியும் நான் கேட்கவில்லை. அவளும் கேட்கமாட்டாள், ஆனால் கழுத்தைத் தடவிக்கொண்டு திரிகிறாள். ஆட்களின் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்தாய் என்றால் அதில் எனக்குப் பெருமைதான். நேரத்துக்குச் சாப்பிடு.

போன் பண்ணக் கஷ்டமென்றால் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு. எத்தனை அடி, எத்தனை நாள் போனது, எத்தனை ஆள், இன்னும் என்ன மிச்சம், வீட்டுக்காரர் இதுவரை எவ்வளவு தந்தார். இந்த ஐந்தும் போதும். ஞாயிறு ரவியும் நானும் இருந்து பார்க்கிறோம், அவன் இப்போது என்னைவிட வேகமாகக் கூட்டுகிறான். தேவையென்றால் அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை வந்து உன்னோடு பூசித் தருகிறேன். எங்கள் இருவருக்கும் சம்பளம் எழுதிக்கொள், சும்மா வரமாட்டோம்.

அப்பா